பணம் போய்விட்டது, பெயர் போகவில்லை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்து அனுப்பும் கட்டணம் அடியோடு தொலைந்துபோவது அபூர்வம். வழக்கமாக நடப்பது வேறு இரண்டு. இருபது பவுண்டு குறைந்து போய்ச் சேர்ந்து, பாக்கி இருப்பதாக மகளுக்கு மின்னஞ்சல் வரும். அல்லது முழுத்தொகையும் சேர்ந்துவிடும், ஆனால் யாருக்கான பணம் என்று தெரியாமல் அங்கே அடையாளமற்ற வரவுகளின் பட்டியலில் கிடக்கும். இரண்டுக்கும் விதை விழுவது இங்கே, நம் ஊர் வங்கிக் கிளையில், விண்ணப்பம் எழுதும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். திருச்சியில் இருக்கும் முருகேசன் என்பவரின் மகள் கார்த்திகாவுக்கு இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் முன்பணமாக 4,000 பவுண்டு கட்டியாயிற்று. ஆகஸ்டில் இன்னும் 12,000 பவுண்டு கட்ட வேண்டும். கடன் இல்லை, சேமிப்பிலிருந்து போகும் பணம்.

முருகேசன் கைபேசியில் கூகுளைத் திறக்கிறார். ஒரு பவுண்டு 117 ரூபாய் என்று காட்டுகிறது. பன்னிரண்டாயிரத்தால் பெருக்கினால் 14,04,000 ரூபாய். மனதில் அந்தத் தொகையோடு வங்கிக்குப் போகிறார். முதல் அதிர்ச்சி அங்கேதான் காத்திருக்கிறது, ஏனென்றால் கூகுள் காட்டுவது வங்கிகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் விலையின் நடுப்புள்ளி. அந்த விலைக்கு நமக்கு யாரும் பவுண்டு தருவதில்லை. வாடிக்கையாளருக்கு வங்கி விற்கும் விலைக்கு ‘டிடி செல்லிங் ரேட்’ என்று பெயர். தினமும் காலையில் கிளைகளுக்கு வரும் அட்டவணையில் இருப்பதால் ‘கார்டு ரேட்’ என்றும் சொல்வார்கள். அன்றைக்கு அது 119.40 என்று வைத்துக்கொள்வோம். 12,000 பவுண்டுக்கு 14,32,800 ரூபாய். கூகுள் கணக்கைவிட 28,800 ரூபாய் அதிகம்.

இந்த 28,800 எந்த ரசீதிலும் ‘கட்டணம்’ என்ற தலைப்பில் வராது. விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ரசீதில் தெரிவது மற்றவை: பணம் அனுப்பும் கட்டணம் ஆயிரம் ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 1,180. அடுத்த முனையில் உள்ள வங்கிகளின் கட்டணத்தையும் நாமே ஏற்றுக்கொண்டால் சுமார் 1,500. பிறகு நாணயம் மாற்றியதற்கென்று தனியாக ஒரு ஜிஎஸ்டி. இது முழுத்தொகைக்கும் 18 சதவீதம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, அப்படி இல்லை. மாற்றும் தொகையில் ஒரு சிறு பங்கைத்தான் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேல் போனால் 5,500 ரூபாய், அதோடு பத்து லட்சத்தைத் தாண்டிய தொகையில் 0.1 சதவீதம். நம் கணக்கில் அது 5,933 ரூபாய். அதில் 18 சதவீதம் என்றால் 1,068 ரூபாய்தான்.

கவுன்ட்டரில் நின்று ஆயிரம் ரூபாய் அனுப்புக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடுகிறவர்களைப் பார்க்கலாம். வாதாட வேண்டிய இடம் அதுவல்ல. விலையில் ஒரு ரூபாய் குறைந்தால் 12,000 ரூபாய் மிச்சம். பெரிய தொகைக்கு கார்டு ரேட்டை விட்டுக் குறைத்துத் தர வங்கிகளுக்கு இடம் உண்டு. கிளை மேலாளர் கருவூலப் பிரிவுக்குப் பேசி, அந்த நேரத்து விலையை வாங்கித் தருவார். ஆனால் கேட்டால்தான் தருவார்கள். “சார், பன்னிரண்டாயிரம் பவுண்டு அனுப்பணும். டீல் ரேட் என்ன கிடைக்கும்?” என்று ஒரு கேள்வி போதும்.

கட்டண இணையதளங்கள் வழியாகப் போனால் என்ன? பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஃப்ளைவயர், கன்வேரா போன்ற நிறுவனங்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. கன்வேரா என்பது முன்பு வெஸ்டர்ன் யூனியன் பிசினஸ் சொல்யூஷன்ஸ் என்று இருந்தது. ஃப்ளைவயர் 2009இல் ‘பியர்டிரான்ஸ்ஃபர்’ என்ற பெயரில் அமெரிக்காவில் தொடங்கியது. தொடங்கிய ஈக்கர் மார்கைதே ஸ்பெயினிலிருந்து அமெரிக்காவின் எம்ஐடிக்குப் படிக்கப் போனவர். தன் கல்விக் கட்டணத்தை அனுப்புவதில் பட்ட சிரமமே அந்த நிறுவனத்துக்கு வழிவகுத்தது. இந்தத் தளங்கள் எதைத் தீர்க்கின்றன என்பதற்கு அந்தக் கதையே பதில்: பணத்தோடு மாணவரின் அடையாளத்தையும் சேர்த்தே கொண்டுபோவது.

தளத்தில் மாணவர் எண், பெயர், தொகை எல்லாம் கொடுத்ததும் ‘இத்தனை ரூபாய் கட்டுங்கள்’ என்று ஒரு தொகையும் ஒரு குறிப்பு எண்ணும் வரும். அந்த விலை குறிப்பிட்ட காலக்கெடு வரை மாறாது. கெடுவுக்குள் பணம் போய்ச் சேராவிட்டால் புதிய விலை. ஆனால் தளம் வழியாகப் போனாலும் இந்திய விதிகளிலிருந்து தப்ப முடியாது. ரூபாயை வெளிநாட்டு நாணயமாக மாற்றி அனுப்ப ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற வங்கிதான் வேண்டும். தளத்துக்குப் பின்னாலும் அப்படியொரு இந்திய வங்கி நிற்கிறது. பான் எண்ணும் படிவமும் அங்கேயும் உண்டு.

எது மலிவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒப்பிடும் முறையைச் சொல்லலாம். ஒரே நாள், ஒரே நேரத்தில் இரு இடங்களிலும் இரண்டே எண்களைக் கேளுங்கள்: என் கணக்கிலிருந்து எல்லாம் உட்பட எத்தனை ரூபாய் போகும், பல்கலைக்கழகத்தின் கணக்கில் எத்தனை பவுண்டு ஏறும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் உண்மையான விலை வந்துவிடும். தளம் 14,21,000 என்று சொன்னால் பவுண்டுக்கு 118.42. அதில் ஜிஎஸ்டி அடங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். “எங்களிடம் கட்டணமே இல்லை” என்ற விளம்பர வரி எதையும் சொல்வதில்லை. கட்டணம் விலைக்குள் இருக்கும். கிரெடிட் கார்டில் கட்டுவது எளிது என்று தோன்றும். வெளிநாட்டு நாணயத்துக்கென்று பல கார்டுகள் 3.5 சதவீதம் வரை சேர்க்கின்றன என்பதால் இவ்வளவு பெரிய தொகைக்கு அது கட்டுப்படியாகாது.

இப்போது டிசிஎஸ். வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின்மீது வங்கி பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டும் முன்வரி இது. 2025 ஏப்ரல் 1 முதல் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை இது கிடையாது. கல்விக்குச் சொந்தப் பணம் அனுப்பினால், பத்து லட்சத்தைத் தாண்டிய பகுதிக்கு 2025–26இல் 5 சதவீதம். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற விகிதம் என்பதால் அனுப்பும் வாரத்தில் வங்கியிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போகும் பணத்துக்கு அதே 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் அறவே இல்லை. மாமாவிடம் வாங்கிய கைமாற்று இந்தக் கணக்கில் கடனாகாது.

முருகேசன் மே மாதம் அனுப்பிய 4,000 பவுண்டுக்கு 4,74,000 ரூபாய் ஆனது என்று கொள்வோம். ஆகஸ்டில் 14,32,800. மொத்தம் 19,06,800. பத்து லட்சத்துக்கு மேல் உள்ள 9,06,800க்கு 5 சதவீதம், 45,340 ரூபாய். ஆக அன்றைக்கு அவர் கணக்கில் இருக்க வேண்டிய தொகை 14,81,888. கூகுள் பார்த்துப் போட்ட கணக்குக்கும் இதற்கும் கிட்டத்தட்ட 78,000 ரூபாய் இடைவெளி. கடைசி நாளன்று கிளையில் நின்றுகொண்டு வைப்புத்தொகையை உடைக்க ஓடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இடைவெளியில் விழுந்தவைதான்.

இதில் 45,340 செலவல்ல. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி அவ்வளவு இல்லையென்றால் திரும்ப வரும். மாதச் சம்பளக்காரர் அலுவலகத்தில் தெரிவித்து மாதாமாதம் பிடிக்கும் வரியைக் குறைத்துக்கொள்ளவும் இப்போது வழி உண்டு. ஆனாலும் பல மாதம் பணம் முடங்கும். அதைத் தவிர்க்க நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. பத்து லட்ச வரம்பு குடும்பத்துக்கு அல்ல, அனுப்பும் ஒவ்வொருவருக்கும். முருகேசன் 4,400 பவுண்டு அனுப்பினால் அவருக்கு அந்த ஆண்டில் மொத்தம் 9,99,360 ரூபாய். மீதி 7,600 பவுண்டை, அதாவது 9,07,440 ரூபாயை, கார்த்திகாவின் அம்மா தன் பான் எண்ணோடு தன் கணக்கிலிருந்து அனுப்பலாம். டிசிஎஸ் இல்லை. அனுப்புக் கட்டணம் மட்டும் இரண்டு முறை விழும். அம்மாவின் கணக்கு நேற்றுத் திறந்ததென்றால் வங்கி கூடுதலாகக் கேள்வி கேட்கும். பல்கலைக்கழகம் இரண்டு பேரிடமிருந்து வாங்கிக்கொள்ளுமா என்றும் முன்பே எழுதிக் கேட்டுவிட வேண்டும்.

இனி படிவம். இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டம் அனுமதிக்கிறது. கல்விக்கு அதையும் தாண்டத் தேவைப்பட்டால் பல்கலைக்கழகத்தின் கடிதத்தைக் காட்டி அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ‘ஏ2’ படிவம். நோக்கக் குறியீடு என்ற கட்டத்தில் S0305 என்று இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கான கட்டணம், விடுதிச் செலவு எல்லாம் அதில் அடங்கும். குடும்பப் பராமரிப்புக்கு S1301 என்று வேறொன்று இருக்கிறது. அவசரத்தில் அதைப் போட்டுவிட்டால் கல்விக்கான டிசிஎஸ் விகிதம் கிடைக்காது, அதைவிடப் பல மடங்கு கூடுதலாகப் பிடித்துவிடுவார்கள்.

அதே படிவத்தில் ஓரமாக ஒரு சிறு கட்டம் இருக்கும்: அடுத்த முனைக் கட்டணம் யாருடையது? OUR என்றால் எல்லாம் நம்முடையது. SHA என்றால் நம் வங்கியின் கட்டணம் நமக்கு, வழியில் பிடிப்பதெல்லாம் பெறுகிறவருக்கு. திருச்சிக் கிளையிலிருந்து பணம் நேராகப் பல்கலைக்கழகத்தின் வங்கிக்குப் போவதில்லை. நம் வங்கி லண்டனில் கணக்கு வைத்திருக்கும் இன்னொரு வங்கி நடுவில் இருக்கும். சில வேளை மூன்றாவதும் உண்டு. விழுப்புரத்தில் பேருந்து மாறினால் மறுபடியும் டிக்கெட் எடுப்பதுபோல, நடுவில் நிற்கும் வங்கி தன் பங்கை அனுப்பிய தொகையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 12,000 கிளம்பி 11,980 போய்ச் சேரும் ரகசியம் இதுதான். இருபது பவுண்டு நமக்குப் பெரிதல்ல. கணினிக்கு அது பாக்கி. பாக்கி இருந்தால் ‘காஸ்’ எனப்படும் சேர்க்கை உறுதிச் சான்று தாமதமாகலாம். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. OUR என்று வட்டமிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நாணயம் என்ற இடத்தில் பவுண்டு என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். டாலரில் போனால் அங்கே மறுபடியும் ஒருமுறை மாற்றுவார்கள், அவர்கள் விலைக்கு.

பெயர் விவகாரத்துக்கு வருகிறேன். தமிழ்க் குடும்பங்களுக்கு இது தனிச் சிக்கல். முருகேசனின் வங்கிக் கணக்கில் ‘எஸ். முருகேசன்’. மகளின் பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகா முருகேசன்’. அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். அவளுடைய வங்கிக் கணக்கில் ‘எம். கார்த்திகா’. பல்கலைக்கழகத்தில் பணம் ஏறும்போது அனுப்பியவர் எஸ். முருகேசன் என்று மட்டும் தெரிகிறது. அங்கே இருக்கும் ஊழியர் குடும்பப் பெயரை வைத்துத் தேடுகிறார். முதலெழுத்தை அப்பா பெயராகப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அம்மா அனுப்பியிருந்தால் எந்த எழுத்தும் ஒத்துப்போகாது.

இதற்கு மருந்து, பணத்தோடு பயணிக்கும் குறிப்பு வரி. வங்கிகளுக்கிடையே போகும் ஸ்விஃப்ட் செய்தியில் பெறுபவருக்கான தகவல் என்று ஓரிடம் உண்டு. பழைய வடிவத்தில் அது வரிக்கு 35 எழுத்தாக நான்கு வரிகள். முதலில் மாணவர் எண், அடுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலவே மாணவரின் பெயர், அதற்குப் பிறகே மற்றவை. ‘மகளின் கல்விக் கட்டணம்’ என்று ஆங்கிலத்தில் நீட்டி எழுதி மாணவர் எண்ணை விட்டவர்கள் நிறைய. படிவத்தில் எழுதினால் மட்டும் போதாது. கிளை ஊழியர் கணினியில் ஏற்றும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுவது சாதாரணம். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் திரையை ஒருமுறை காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். கணக்கு எண்ணையும் அப்போதே சரிபார்க்கலாம்: பிரிட்டிஷ் ஐபான் GB என்று தொடங்கி மொத்தம் 22 எழுத்துகள் இருக்கும்.

எல்லாக் கிளைகளும் அந்நியச் செலாவணி அனுப்புவதில்லை. சிறிய ஊர்க் கிளை படிவத்தை வாங்கி, நகரத்தில் உள்ள ஃபாரெக்ஸ் கிளைக்கு அனுப்பும். அதற்கே ஒரு நாள் போகும். ஆகஸ்ட் இன்னும் மோசம். 2025இல் ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வந்தது. 25ஆம் தேதி திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. 27 இங்கே விநாயகர் சதுர்த்தி. கெடு 29 என்றால் 26ஆம் தேதி கிளம்பும் பணத்தை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது.

பணம் கிளம்பியதும் கையில் வர வேண்டியது ஸ்விஃப்ட் காப்பி. கணக்கில் பற்று வைத்த சீட்டு அதற்கு ஈடாகாது. பற்றுச் சீட்டு நம் கணக்கிலிருந்து ரூபாய் போனதை மட்டும் சொல்லும். ஸ்விஃப்ட் காப்பி என்ன தொகை, எந்தக் கணக்குக்கு, யார் கட்டணத்தில், என்ன குறிப்போடு போனது என்று சொல்லும். 2025 நவம்பர் வரை இது ‘எம்டி 103’ என்ற வடிவத்தில் இருந்தது. இப்போது வடிவம் மாறி, OUR என்ற இடத்தில் DEBT, SHA என்ற இடத்தில் SHAR என்று பார்க்கலாம். கிளையில் ‘ஸ்விஃப்ட் காப்பி’ என்றாலே புரியும். அதில் UETR என்று 36 எழுத்தில் ஒரு எண் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது, வழியில் எவ்வளவு பிடித்தார்கள் என்பதை அதை வைத்து வங்கியால் பார்த்துச் சொல்ல முடியும். ஐந்து வேலை நாளாகியும் பல்கலைக்கழகத்தின் மாணவர் பக்கத்தில் தொகை ஏறவில்லையென்றால், “பணம் வரலையாம் சார்” என்று போய் நிற்பதைவிட அந்த எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்வது பலன் தரும். ‘பெறுபவர் கணக்கில் வரவு’ என்று பதில் வந்தால், சிக்கல் இனி வங்கியில் இல்லை. காப்பியைப் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவுக்கு மாணவர் எண்ணோடு அனுப்ப வேண்டியதுதான்.

அதன்பிறகும் விசாவுக்கு ஸ்விஃப்ட் காப்பி போதாது. கட்டணம் கட்டியதாகக் காஸில் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது பல்கலைக்கழகமே கொடுத்த ரசீது வேண்டும். அந்த அளவுக்கு விசாவுக்காகக் கணக்கில் காட்ட வேண்டிய தொகை குறையும். மே மாத முன்பணம் காஸில் இருக்கிறதா, தொகை சரியா என்று பார்க்காமல் விசாக் கட்டணம் கட்ட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “எங்க வழியா கட்டினா அஞ்சு சதவீதம் தள்ளுபடி” என்று சொல்லும் ஆட்கள் வாட்ஸ்அப்பில் திரிகிறார்கள். பிரிட்டனில் பழகிப்போன மோசடி இது. திருடிய கார்டில் கட்டணத்தைக் கட்டி ரசீதையும் காட்டுவார்கள். நம் பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொள்வார்கள். சில வாரத்தில் கார்டின் சொந்தக்காரர் புகார் செய்ததும் கட்டணம் ரத்தாகும், மாணவர் விசாரணைக்குப் போவார். வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் மின்னஞ்சலையும் அப்படியே நம்பாமல், மாணவர் உள்நுழையும் பக்கத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்பும் வழியும் கட்டிய வழியைப் பொறுத்ததே. பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே திருப்பி அனுப்பும். அம்மாவும் அப்பாவும் பிரித்துக் கட்டியிருந்தால் பிரிந்தே வரும். அப்போது வங்கி நம்மிடமிருந்து பவுண்டை வாங்குகிறது, ஆகவே விலை நடுப்புள்ளிக்குக் கீழே இருக்கும். போகும்போது இரண்டு ரூபாய் நாற்பது காசு, வரும்போது இன்னொரு இரண்டு ரூபாய் என்று வைத்தால், 12,000 பவுண்டு போய்வந்ததில் ஐம்பதாயிரத்துக்கு மேல் கரைந்திருக்கும். பிடித்த டிசிஎஸ்ஸை வங்கி திருப்பித் தராது. வரிக் கணக்கில்தான் கேட்க வேண்டும். அதற்கு வங்கி தரும் 27டி சான்றிதழை வாங்கி, 26ஏஎஸ்ஸில் அதே தொகை அதே பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த ரசீதுகளை 80சி பிரிவில் கல்விக் கட்டணமாகக் காட்டச் சொல்லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அந்தச் சலுகை இந்தியாவில் உள்ள கல்வி நிறுவனங்களுக்குக் கட்டியதற்கு மட்டும்தான்.